கம்பி முன்பணம் எங்கே கழிகிறது?

"தளத்தில் இறக்கிய கம்பிக்குப் போன பில்லில் மதிப்பில் 75% முன்பணம் கொடுத்தாச்சு. இந்த பில்லில் அளந்த வேலையை மட்டும் சரிபார்த்தால் போதும்."

ஒப்பந்ததாரர் பில்லைச் சரிபார்க்கும்போது இப்படி நினைத்தால் போதாதுங்க, அளந்த வேலையின் பணத்திலேயே கம்பியும் அடங்குவதால் ஒரே கம்பிக்கு இரண்டு முறை பணம் போய்விடும். தொண்டிப் பக்கம் ஒரு வேலை என்று வையுங்கள். 10 டன் கம்பி, டன் ரூ.60,000, கொடுத்த முன்பணம் ரூ.4,50,000. இப்போது 6 டன் பீமில் ஏறி, அளவிலும் வந்துவிட்டது.

அந்த 6 டன்னுக்கு மட்டும் முன்பணத்தைக் கழித்தால் போதும் என்பது பாதி சரி. முதலில் தளத்தில் மீதி கிடக்கும் இருப்பை எண்ணுங்கள். 4 டன் இருக்க வேண்டிய இடத்தில் 3.7 டன்தான் கிடந்தால் ரூ.1,66,500 மட்டுமே முன்பணமாக நிற்கலாம், மீதி ரூ.2,83,500 கழியணும். அந்த 0.3 டன் வெட்டுத்துண்டா, வெளியே போனதா என்று கேளுங்கள். துண்டுகளை இருப்பில் சேர்ப்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

சிமெண்டுக்கும் இப்படி முன்பணம் தரலாமா என்றால், அது வேறு கதை: கடற்காற்றில் கட்டிப்போகும், ஒப்பந்தம் அனுமதித்தால் மட்டும் முன்பணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.