நடுச்சாமத்தில் மட்டும் தோற்ற சோதனை

வணக்கம். எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். ஒரு வாரக் கோபத்தை அதற்குள் சொல்லி முடிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில், திருநெல்வேலிச் சந்திக்கு அருகே, மாடியில் எங்கள் அலுவலகம். நகை அடகுக் கடைகளுக்கு மென்பொருள் எழுதுகிறோம். இன்று தவணை முடிகிற கடன் எது என்று பார்க்கும் ஒரு சின்னச் சோதனை இருந்தது. யார் நிரல் அனுப்பினாலும் அது சேர்வரில் ஓடும். ஒரு நேரம் தேறும், ஒரு நேரம் தோற்கும். மூன்று மாதமாக எல்லோரும் செய்தது ஒன்றுதான்: காலையில் வந்து `Re-run` பொத்தானை அழுத்துவது. பச்சை விழும். தேநீர் குடிக்கப் போவோம்.

அதைவிடக் கேவலம் ஒன்று நடந்தது. குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், பிள்ளையை நித்திரையாக்கிவிட்டு இரவில் வேலை செய்பவர். அவர் அனுப்பும் நிரல்தான் அடிக்கடி தோற்றது. "கவனம் போதாது" என்று கூட்டத்தில் வைத்தே சொன்னார்கள். அவரும் தன் நிரலைத் திரும்பத் திரும்பப் படித்துப் பிழை தேடினார். அதில் பிழையே இல்லை!

திங்கட்கிழமை நான் இறங்கினேன். என் கணினியில் ஆயிரம் தடவை ஓடவிட்டேன்; ஆயிரமும் தேறியது. செவ்வாய், சோதனைகளின் வரிசையைக் குலைத்து ஓடவிட்டேன். தேறியது. புதன், தரவுத்தளம் தாமதிக்கிறதோ என்று காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். வீண். மூன்று நாளும் ஊகத்தின் பின்னால் ஓடினேனே தவிர, தோற்ற பதிவுகளை ஒரு தடவைகூட அடுக்கிப் பார்க்கவில்லை.

வியாழன் அடுக்கினேன். இருபத்து மூன்று தோல்விகள். ஒவ்வொன்றின் நேரத்தையும் கடதாசியில் எழுதினேன். அத்தனையும் சேர்வர் நேரப்படி மாலை 18:30க்கும் நள்ளிரவுக்கும் இடையில்! சேர்வர் ஓடுவது `UTC` நேரத்தில். நமக்கு அது ஐந்தரை மணித்தியாலம் பின்னால். அங்கே 18:30 என்றால் இங்கே நள்ளிரவு 12. அங்கே நள்ளிரவு என்றால் இங்கே விடியற்காலை 5:30. அந்த இடைவெளியில் யாழ்ப்பாணத்தில் புதிய நாள் பிறந்திருக்கும், சேர்வரில் நேற்றே இருக்கும். நிரலைப் பாருங்கள்:

```python
def is_due_today(loan):
    tz = ZoneInfo("Asia/Colombo")
    return loan.due == datetime.now(tz).date()

def test_due_today():
    assert is_due_today(Loan(due=date.today()))
```

மேலே இருக்கும் "இன்று" கொழும்பு நேரத்துக்கு. கீழே இருக்கும் "இன்று" சோதனை ஓடும் இயந்திரத்தின் நேரத்துக்கு. என் கணினியில் இரண்டும் ஒன்று, அதனால் ஆயிரமல்ல, இலட்சம் தடவை ஓட்டினாலும் தோற்காது. சேர்வரிலும் பகலில் தோற்காது. பகலில் வேலை செய்பவர்கள் கண்ணில் படவே படாது. இரவில் உழைப்பவர் தலையில்தான் விழும்.

உறுதிப்படுத்த `freezegun` கொண்டு கடிகாரத்தை `UTC` இரவு 20:00இல் நிறுத்தினேன். என் கணினியிலேயே, பட்டப்பகலில், ஒவ்வொரு தடவையும் தோற்றது. விட்டுவிட்டுத் தோற்பதைக் கேட்ட நேரத்தில் தோற்க வைக்கும்வரை காரணம் தெரிந்ததாக நான் இனி நம்பமாட்டேன்.

"ஐந்தரையைக் கூட்டிவிட்டால் சரிதானே" என்றார் ஒருவர். கொதித்துவிட்டேன். 1996 மே மாதம் நாட்டின் நேரம் ஆறரைக்குப் போனதையும், அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறானதையும், 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியதையும் இந்த ஊரில் வாழ்ந்தவர்கள் எப்படி மறக்கலாம்? வன்னியில் அப்போதும் பழைய நேரம்தானே ஓடியது! `Asia/Colombo` என்ற பெயருக்குள் நாட்டின் அந்த மாற்றங்கள் பதிவாகியிருக்கின்றன. கையால் கூட்டிய ஐந்தரைக்கு அது எதுவும் தெரியாது.

திருத்தம் எளிது: எந்த நாள் என்பதை `is_due_today` தானே தேடாமல் வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது, சோதனை ஒரு நிலையான திகதியைக் கொடுக்கிறது.

ஆனால் என் வயிறு எரிந்தது வெள்ளிக்கிழமை. `date.today()` வேறு எங்கே இருக்கிறது என்று தேடினேன். தவணை நினைவூட்டல் அனுப்பும் நிரலில் இருந்தது. அது நம் நேரம் அதிகாலை 2 மணிக்கு ஓடும். சேர்வரில் அப்போது முதல் நாள் இரவு 20:30. அதனால் நேற்று முடிந்த தவணைக்கு இன்று செய்தி போயிருக்கிறது. தாலிக்கொடியை அடகு வைத்தவர்களுக்குத் தவணை கடந்த பிறகு நினைவூட்டல்! ஒரு நாள் வட்டி கூடுதலாகக் கட்டியிருக்கிறார்கள். அந்தச் சோதனை மூன்று மாதமாக இதைத்தான் கத்திக்கொண்டிருந்தது, நாங்கள் பொத்தானை அழுத்தி அதன் வாயை மூடினோம்.

இப்போது எங்களிடம் தோல்வியின் நேரத்தையும் பதிவையும் சேமித்த பிறகே மறுபடி ஓட்டலாம். "கவனம் போதாது" என்ற சொல்லை, சொன்ன அதே கூட்டத்தில் திரும்பப் பெறச் சொன்னேன். பெற்றார்கள். வட்டிக் கணக்கைக் கடை கடையாகச் சரிபார்க்கும் வேலை இன்னும் முடியவில்லை. திங்கட்கிழமை சுன்னாகத்தில் தொடங்குகிறோம்.