வெயிலைவிட மூடியைப் பாருங்கள்
‘வெயில் பட்ட பாட்டில் தண்ணீர் விஷம்’ என்றால் சோடிஸ் முறையை என்ன சொல்வது? நிறமில்லாத பெட் பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த நீரை நிரப்பி, 6 மணி நேரம் நல்ல வெயிலில் கிடத்தி, கிருமிகளைக் கொன்று குடிக்கிற முறைதான் அது. புற ஊதாக் கதிரும் சூடும் சேர்ந்து செய்கிற வேலை. பயப்பட வேண்டியது சூடும் நாள்கணக்கும் ஒன்றுசேரும்போதுதான். பூட்டிய காருக்குள் வெப்பம் 60 டிகிரியை நெருங்கினால் பெட் பிளாஸ்டிக்கிலிருந்து ஆன்டிமனி என்ற நச்சுப்பொருள் கசிவது கூடும். அதுவும் ஒரு மதியத்தில் வருவது சொற்பம். வாரக்கணக்கில் அங்கேயே கிடந்த பாட்டிலை நான் குடிக்க மாட்டேன். கொதிநீர் ஊற்றினாலோ பாட்டிலே நெளிந்துவிடும், அத்தோடு அதன் ஆயுள் முடிந்தது. ஆனால் என் பாட்டிலைக் கெடுத்தது சூடு இல்லை, என் வாய்தான். நான்கு நாள் வாய் வைத்துக் குடித்து, காலியாகக் காலியாக நிரப்பிக்கொண்டே இருந்தேன். தண்ணீரில் வாடையே இல்லை. மூடியின் உட்புறத்தை விரலால் தடவினால் மட்டும் வழுவழுவென்று இருந்தது. கிருமிப் படலம்! கழுத்து குறுகல் என்பதால் பிரஷ் போகாது, குலுக்கிக் கழுவினால் மறைகளுக்கிடையே ஒட்டியிருப்பது அசையாது. இப்போதெல்லாம் கசங்கி உள்ளே கீறல் விழுந்தாலோ, மூடி வழுக்கினாலோ அன்றே மறுசுழற்சிக்குப் போட்டுவிடுகிறேன்.