கடலை எண்ணெய் பாட்டிலில் யாரைப் பற்றி எழுதுவது?

சிறு தொழில் செய்பவர்களுக்கு லேபிள் வடிவமைத்துக் கொடுப்பது என் வேலை. பெயருக்குக் கீழே வரும் அந்த ஒற்றை வரியில் நிறுவனரைச் சொல்வதா, பொருளைச் சொல்வதா, வாங்குபவரைச் சொல்வதா என்ற கேள்வியில்தான் பெரும்பாலான பேச்சு நீளும். வாடிக்கையாளரை முன்னிறுத்துவதே எப்போதும் சரி என்று பலரும் சொல்வதை நான் ஏற்பதில்லை.

மரச்செக்கு வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு அவருடைய ஊரில், 'மூன்று தலைமுறைச் செக்குக் குடும்பம்' என்ற வரி நன்றாகவே உழைத்தது. அங்கே அவருடைய தாத்தாவை அறிந்தவர்கள் இருந்தார்கள். வாங்க வருபவர்கள் செக்கு ஓடுவதையும் கண்ணால் பார்த்தார்கள். அதே பாட்டில் சென்னைக் கடைகளின் அலமாரிக்குப் போனபோது அந்த வரிக்குப் பொருளில்லாமல் போயிற்று. வசந்த் அன் கோ வசந்தகுமாரின் சிரித்த முகம் கடையின் அடையாளமானது, மக்கள் அதை விளம்பரங்களில் ஆண்டுக்கணக்கில் பார்த்ததால்தான். அறிமுகமில்லாத தாத்தாவுக்கு அந்த வசதி கிடையாது.

நண்பர் அடுத்து, 'உங்கள் குடும்பத்தின் ஆரோக்கியத்திற்காக' என்று மாற்ற விரும்பினார். பக்கத்து பாட்டிலின் பெயரை அந்த வரிக்கு மேல் ஒட்டிப் பாருங்கள் என்றேன். ரீபைண்டு எண்ணெய்க்கும் அது கச்சிதமாகப் பொருந்தியது.

பிறகு, இரண்டு வாரமாக அவருடைய வாட்ஸ்அப்பில் புதியவர்கள் அனுப்பியிருந்த செய்திகளை ஒன்றுவிடாமல் படித்தோம். நல்ல எண்ணெயா என்று கேட்டவர்கள் சிலரே. 'லிட்டர் ஏன் இவ்வளவு விலை?' என்பதே திரும்பத் திரும்ப வந்தது. விடை செக்கிலேயே இருந்தது. மரச்செக்கில் நிலக்கடலைப் பருப்பின் எடையில் ஏறக்குறைய நாற்பது விழுக்காடுதான் எண்ணெயாக இறங்கும், மீதி பிண்ணாக்கில் தங்கிவிடும். ஒரு லிட்டர் கடலை எண்ணெயின் எடை சுமார் 910 கிராம் என்பதால், அதற்கு இரண்டே கால் கிலோவுக்குக் குறையாமல் பருப்பு வேண்டும். பருப்பு ஈரமாகவோ சுருங்கியோ இருந்தால் இன்னும் கூடும். ஆகவே, 'இரண்டே கால் கிலோ பருப்புக்குக் குறையாமல், ஒரு லிட்டர்' என்று எழுதினோம். 'சுத்தமான', 'பாரம்பரிய' போன்ற சொற்களைத் தவிர்த்ததற்கு என் சலிப்பு மட்டும் காரணமில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர விதிமுறைகள் அவற்றுக்கு நிபந்தனைகள் வைத்திருக்கின்றன.

இப்படிப் பொருளைச் சொல்லும் வரிக்கும் எல்லை உண்டு. கொப்பரையில் எண்ணெய் கூடுதலாக இறங்கும் என்பதால், தேங்காய் எண்ணெய் பாட்டிலில் இதே கணக்கைப் போட முடியாது. கடைப் பலகையிலும் எழுத முடியாது. எனவே ஊர்ப் பலகையில் மூன்று தலைமுறை அப்படியே இருக்கிறது, கடலை எண்ணெய் பாட்டிலில் மட்டும் பருப்புக் கணக்கு ஏறியிருக்கிறது. நல்லெண்ணெய்க்கு வரும் கேள்வி விலையைப் பற்றியதே அல்ல, கருப்பட்டி சேர்த்து ஆட்டினீர்களா என்பதுதான். அதற்கான வரியை இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.