செவ்வாய்க்கிழமையை விட்டுவிட்ட கணக்கு

ஆமாம், அந்தக் காணொளியில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற வழுக்கைத் தலை நான்தான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பதினேழு பேர் அதை எனக்கே அனுப்பிவிட்டார்கள். சிலர் சிரிக்கும் பொம்மையோடு, சிலர் "அண்ணாச்சி, இது நீங்களா?" என்ற கரிசனத்தோடு. பாளையங்கோட்டை மண்டபத்தில், பங்குச் சந்தை ஆப்ஷன் வகுப்பில் என்ன நடந்தது என்று மறுபடி சொல்லப்போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும். பயிற்சியாளர் பலகையில் கணக்குப் போட்டார், நான் ஒரு கேள்வி கேட்டேன், "அண்ணாச்சி இன்னும் தந்தி காலத்திலேயே இருக்கிறார்" என்றார், மண்டபம் சிரித்தது. கேள்விக்குப் பதில் வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் கேட்டது இவ்வளவுதான்: "கெடு எந்தத் தேதி?"

புதியவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். பத்து லட்ச ரூபாய் மனைக்கு இருபதாயிரம் கொடுத்து, "மூன்று மாதத்துக்குள் இதே விலைக்கு நான் வாங்கிக்கொள்ளலாம், வேண்டாமென்றால் இருபதாயிரம் உங்களுக்கு" என்று ஒருவர் எழுதி வாங்குகிறார் என்று வையுங்கள். மனை பன்னிரண்டு லட்சமானால் அவருக்குக் கொண்டாட்டம். ஆகாவிட்டால் கொடுத்தது போனது. கால் ஆப்ஷன் இதுதான்: குறித்த விலைக்கு வாங்கும் உரிமை. குறித்த விலைக்கு விற்கும் உரிமை புட் ஆப்ஷன். விலை ஏறும் என்று நினைப்பவர் கால் வாங்குவார், இறங்கும் என்று நினைப்பவர் புட் வாங்குவார். குறித்த விலைக்கு ஸ்ட்ரைக் என்று பெயர், கொடுக்கும் தொகைக்கு பிரீமியம். கட்டாயம் எதுவுமில்லை, நஷ்டம் பிரீமியத்தோடு நின்றுவிடும். இதுவரைக்கும் பயிற்சியாளர் சொன்னது எல்லாம் சரி. அந்த மூன்று மாதத்தை மட்டும் மறந்துவிட்டார்.

அவர் பலகையில் போட்ட கணக்கு இது. பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி 25,000-ல் இருக்கிறது. புதன்கிழமை காலை, 25,000 ஸ்ட்ரைக் கால், பிரீமியம் 160 ரூபாய். ஒரு லாட்டுக்கு, அதாவது சேர்த்தே வாங்க வேண்டிய ஒரு கட்டுக்கு, 75 என்று எழுதினார். லாட் அளவை எக்ஸ்சேஞ்ச் அவ்வப்போது மாற்றும், அதற்காக அவரைக் குறை சொல்லவில்லை, 75-ஐயே வைத்துக்கொள்வோம். ஆக 12,000 ரூபாய். "நிஃப்டி 500 புள்ளி ஏறினால் 37,500 ரூபாய்! போட்டது வெறும் 12,000!" கைதட்டல். ஓரத்தில் 'செவ்வாய்' என்று சிறியதாக எழுதியிருந்தார். கைதட்டலுக்குத் திரும்பியபோது அவர் சட்டைக் கை பட்டு அது பாதி அழிந்துவிட்டது. காணொளியில் உற்றுப் பார்த்தால் 'செவ்' மட்டும் தெரியும்.

நிஃப்டியின் வாராந்தர ஆப்ஷனுக்கு இப்போது செவ்வாய்தான் கெடு. புதனும் செவ்வாயும் சேர்த்து ஐந்து வர்த்தக நாட்கள். 500 புள்ளியை விடுங்கள், சாதாரண வாரம் ஒன்றைப் பார்ப்போம். நிஃப்டி மெதுவாக ஏறுகிறது. வியாழன் மாலை 25,010. வெள்ளி 25,030. திங்கள் 25,040. செவ்வாய் மூன்றரை மணிக்கு 25,060. ஏறும் என்று நீங்கள் சொன்னீர்கள், ஏறியிருக்கிறது. சபாஷ். உங்கள் 160 ரூபாய் என்ன ஆனது? சந்தையின் நடுக்கம் மாறாமல் இருந்தால் வியாழன் மாலை சுமார் 130. வெள்ளி 117. திங்கள் 93. செவ்வாய் முடிவில் சரியாக 60. அதாவது 4,500 ரூபாய். சொன்னது பலித்தவருக்கு 7,500 ரூபாய் நஷ்டம்! நிஃப்டி 25,160-ஐத் தாண்டி முடிந்திருந்தால்தான் கெடு நாளில் போட்ட காசாவது திரும்பியிருக்கும்.

ஏன் இப்படி? பிரீமியத்துக்குள் இரண்டு சரக்கு இருக்கிறது. இன்றே உரிமையைப் பயன்படுத்தினால் கிடைக்கிற உண்மையான மதிப்பு ஒன்று. "இன்னும் நேரம் இருக்கிறதே, ஏதாவது நடக்கலாமே" என்ற எதிர்பார்ப்புக்கான விலை மற்றொன்று. புதன் காலை அந்த 160-ல் முதல் சரக்கு பூஜ்யம். முழுக்க முழுக்க நேரத்துக்குக் கொடுத்த காசு. செவ்வாய் மூன்றரைக்கு நேரம் பூஜ்யம், அதனால் நேரத்தின் விலையும் பூஜ்யம். இதைத்தான் காலத் தேய்மானம் என்கிறார்கள், தீட்டா என்ற கிரேக்க எழுத்தால் குறிக்கிறார்கள்.

இதில் இன்னொரு நுணுக்கம். தேய்மானம் ஒரே சீராக நடப்பதில்லை. நிஃப்டி 25,000-லேயே அசையாமல் நின்றால் அந்த 160 முதல் நாளில் சுமார் 17 ரூபாய்தான் இழக்கும். கடைசி நாளில் மட்டும் 72 ரூபாய் போகும். நேரத்தின் விலை, மீதியுள்ள நாட்களின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால் வரும் விளைவு இது. நாள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் விலை பாதியாகக் குறையும். பதநீர் வாங்கியவர்களுக்குக் கணக்கே தேவையில்லை. காலை ஏழு மணிக்கு இறக்கியது எட்டுக்கும் இனிக்கும், ஒன்பதுக்கும் பரவாயில்லை. வெயில் ஏற ஏறப் புளிக்கிற வேகமும் ஏறும். கையில் இருப்பது பதநீர் என்று தெரிந்து வாங்குவது ஒன்று. "வைத்திருங்கள், நம்பிக்கையோடு வைத்திருங்கள்" என்று நானூறு பேருக்குச் சொல்வது வேறு.

"கெடு வரை ஏன் வைத்திருக்க வேண்டும், முன்னாலேயே விற்கலாமே?" என்று கேட்பீர்கள். விற்கலாம். வெள்ளிக்கிழமை 117-க்கு விற்றால் நஷ்டம் குறைவு. நஷ்டம் நஷ்டம்தான்.

"வேகமாக ஏறினால்?" நியாயமான கேள்வி. புதனன்று ஒரே நாளில் 200 புள்ளி ஏறியிருந்தால் அந்த 160 சுமார் 265 ஆகியிருக்கும், லாட்டுக்கு ஏழாயிரத்துச் சொச்சம் லாபம். நான் மறுக்கவில்லை. வாங்குபவருக்குத் திசை தெரிந்தால் போதாது, வேகமும் தெரிய வேண்டும், அதுவும் மற்றவர்கள் ஏற்கெனவே எதிர்பார்த்து விலையில் சேர்த்துவிட்டதைவிட அதிக வேகம். அது எல்லா வாரமும் வராது. வராத வாரங்களின் செலவையும் சேர்த்துத்தானே கணக்கு எழுத வேண்டும்? நான் ரத வீதியில் பாத்திரக்கடைக்கு 22 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். வரவை மட்டும் எழுதி முதலாளியிடம் காட்டினால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

"160 அதிகம், 25,300 ஸ்ட்ரைக் 50 ரூபாய்க்குக் கிடைக்கிறதே?" இந்தக் கேள்வியைக் கேட்காத கல்லூரிப் பையனே இல்லை. மேலே சொன்ன அதே வாரத்தில், நிஃப்டி ஏறிய அதே வாரத்தில், அது திங்கள் மாலை ஆறு ரூபாய். செவ்வாய் பூஜ்யம். மலிவு என்பது அதன் விலை மட்டுந்தான்.

இனி முக்கியமான குற்றச்சாட்டு: "இவர் தோற்றவர், வயிற்றெரிச்சலில் பேசுகிறார்." காணொளியின் கீழே எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்! சரி, சொல்லிவிடுகிறேன். தோற்றேன். 2022 பிப்ரவரி 24, ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்த நாள். நிஃப்டி ஒரே நாளில் 800 புள்ளிக்கு மேல் விழுந்து 16,250 பக்கம் நின்றது. இன்னும் விழும் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. 16,200 புட், 250 ரூபாய், அப்போது லாட் 50. ஆக 12,500 ரூபாய், என் மனைவி சீட்டு எடுத்து பீரோவில் வைத்திருந்த பணம். கெடு அடுத்த வியாழன், மார்ச் 3. மறுநாள் வெள்ளிக்கிழமையே சந்தை 400 புள்ளி எழும்பிவிட்டது. திங்கள் கொஞ்சம் ஏறியது. செவ்வாய் சிவராத்திரி, விடுமுறை. நான் நெல்லையப்பரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோதும் என் புட்டின் கெடு நெருங்கிக்கொண்டேதான் இருந்தது. வியாழனன்று நிஃப்டி 16,500 பக்கம் முடிந்தது. 12,500 ரூபாய் சுத்தமாகப் போனது.

அதற்குப் பிறகுதான் விஷயம். மார்ச் 7, திங்கள். நிஃப்டி 15,900-க்கும் கீழே. கெடு முடிந்து இரண்டே வர்த்தக நாட்கள். நான் சொன்னது அப்படியே பலித்தது, கையில் ஒன்றுமில்லை. பயந்து கிடந்த நாளில் வாங்கியதால் பிரீமியமும் வீங்கியிருந்தது, அது வேறு. அன்று மாலை கடையில் உட்கார்ந்து சிட்டையில் '16,200 புட்' என்று எழுதி, எதிரே வரவு பத்தியைக் காலியாக விட்டேன். அந்தச் சிட்டை இன்னும் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. வயிற்றெரிச்சல்தான். இல்லையென்று யார் சொன்னது?

நான் ஒருவன்தானா தோற்றேன்? 2024 செப்டம்பரில், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி வெளியிட்ட ஆய்வில் மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டவர்கள். இது வாங்கியவர்களை மட்டும் பிரித்துச் சொன்ன கணக்கு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். தேய்மானம் மட்டுமே காரணமென்றும் சொல்லவில்லை, தரகும் வரியும் சேர்ந்துதான் அரிக்கின்றன. "அந்த 93 பேர் என்னிடம் படிக்காதவர்கள்" என்று பயிற்சியாளர் சொல்வார். சொல்லட்டும். அவருடைய மாணவர்கள் என்ன ஆனார்கள் என்ற கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டினால் நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறேன்.

"அப்படியானால் விற்கச் சொல்கிறீரா?" ஐயா, நான் எங்கே சொன்னேன்? ஆப்ஷனை எழுதி விற்பவருக்குத் தேய்மானம் வரவு என்பது உண்மைதான். ஆனால் அவர் மார்ஜின் என்று லட்சக்கணக்கில் ஈட்டுப் பணம் கட்ட வேண்டும், நஷ்டமும் பிரீமியத்தோடு நிற்காது. 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த நாளில் நிஃப்டி கிட்டத்தட்ட ஆறு சதவீதம் விழுந்ததே, அன்று புட் எழுதி விற்றிருந்தவர்களைக் கேளுங்கள். நான் வாங்காதே என்றும் சொல்லவில்லை, விற்றுக்கொள் என்றும் சொல்லவில்லை. தேதியைச் சொல்லிவிட்டு வாங்கச் சொல் என்கிறேன். தேதியைக் கேட்டவனைக் கேலி செய்யாதே என்கிறேன்.

கேலிதான் உறுத்துகிறது, உண்மையைச் சொன்னால். இந்த ஊரில் அண்ணாச்சி என்பது மரியாதைச் சொல். கடையில் கால் கிலோ சீனி வாங்க வருகிற பிள்ளைகூட அப்படித்தான் கூப்பிடும். அந்தச் சொல்லை ஒலிபெருக்கியில் இழுத்து இழுத்துச் சொல்லி, நானூறு பேரைச் சிரிக்க வைத்தீர்களே தம்பி, உங்களுக்கும் ஒரு நாள் தலை வழுக்கையாகும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன், கல்லூரி இரண்டாம் வருடம் இருக்கும், அவனும் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு நோட்டில் 37,500 என்று எழுதி இரண்டு கோடு போட்டுக்கொண்டான். தேதி எழுதவில்லை. நான் எட்டிப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு வண்ணாரப்பேட்டையில் இரண்டாம் கட்ட வகுப்பாம், கட்டணம் 4,999. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அக்காள் போன் செய்தாள். மருமகன் பணம் கட்டிவிட்டானாம். "நீயும் கூடப் போயிட்டு வாயேன், துணைக்கு" என்கிறாள்.