அப்பா கணக்கில் வாங்கிய கேம் மகளுக்குச் சேருமா?

சேராது. கம்ப்யூட்டர் கேம்களுக்கான இணையக் கடையான ஸ்டீமின் சந்தாதாரர் ஒப்பந்தத்தில் இது தெளிவாகவே இருக்கிறது. கேம் விற்கப்படுவதில்லை, அதை விளையாட உரிமம் மட்டும் தரப்படுகிறது; அந்தக் கணக்கை நீங்கள் வேறொருவருக்கு மாற்றித் தரவும் முடியாது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த சட்டம் ஒன்று, இப்படி உரிமம் மட்டும் தருகிறவர்கள் அதைச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்று போடக் கூடாது என்கிறது. அதற்குச் சற்று முன்பே ஸ்டீம் தன் கார்ட் பக்கத்தில், கிடைப்பது உரிமம்தான் என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டது. அந்த வரியைப் பார்த்து அதிர்ச்சி அடைந்தவர்கள் எழுதிய பதிவுகள் போதுமான அளவு வந்துவிட்டன. எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. கடைக்கும் நமக்கும் நடுவே உள்ள உரிமத்தை விட, ஒரே வீட்டில் இருக்கிற நாலு பேருக்கு நடுவே அந்த உரிமம் என்ன செய்கிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பாவின் ஸ்டீம் கணக்கில் பத்து வருடமாக வாங்கிச் சேர்த்த அறுபது கேம்கள் இருக்கின்றன. அம்மாவிடம் ஐந்தாறு. மகளுக்கு 17 வயது, மகனுக்கு 11. பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கணக்கு உண்டு, ஆனால் லைப்ரரி காலி. 2024 செப்டம்பரில் முழுமையாக வெளிவந்த ஸ்டீம் ஃபேமிலிஸ் வசதியில் நாலு பேரும் சேர்கிறார்கள். மொத்தம் ஆறு பேர் வரை சேரலாம். சேர்ந்த உடனே எல்லோருடைய கேம்களும் எல்லோர் திரையிலும் வந்துவிடுகின்றன, பகிர அனுமதிக்காத கேம்கள் தவிர. வெளியீட்டு நிறுவனத்தின் தனிக் கணக்கோ தனிச் சந்தாவோ கேட்கும் கேம்கள் பெரும்பாலும் அந்தத் தவிர்த்த பட்டியலில்தான் இருக்கும்.

இது நல்ல ஏற்பாடு, அதில் சந்தேகமே இல்லை. இதற்கு முன்பிருந்த பகிர்வு முறையை ஞாபகம் இருப்பவர்களுக்குத் தெரியும். அப்பா தன் லைப்ரரியில் ஏதோ ஒரு கேமைத் திறந்தாலே போதும், அவருடைய வேறொரு கேமை ஆடிக்கொண்டிருந்த மகள் வெளியேற வேண்டியதுதான். முழு லைப்ரரிக்கும் ஒரே பூட்டு. இப்போது பூட்டு ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனி. அப்பா ஒன்றை ஆடும்போது மகள் அவருடைய இன்னொன்றை ஆடலாம். இருவருக்கும் ஒரே கேம் ஒரே நேரத்தில் வேண்டுமென்றால்தான் வீட்டில் இரண்டு பிரதி இருக்க வேண்டும்.

இன்னொரு நல்ல விஷயம், சேவ் ஃபைலும் அச்சீவ்மென்ட்டும் ஆடுபவர் கணக்கில்தான் பதிவாகும். அப்பாவின் பிரதியில் மகள் ஒரு நீண்ட ரோல் பிளேயிங் கேமை இருநூறு மணி நேரம் ஆடியிருந்தால் அந்த இருநூறு மணி நேரம் அவளுடையது. ஆடும் உரிமம் மட்டும் அப்பாவுடையது. இந்த இரண்டும் பிரிந்து கிடப்பது வீடு ஒன்றாக இருக்கும் வரை யார் கண்ணிலும் படாது.

இப்போது அவள் படிக்கவோ வேலைக்கோ வேறு நாட்டுக்குப் போகிறாள். ஸ்டீம் ஃபேமிலிஸ் ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்கானது என்று விதியே சொல்கிறது. சரி, அவள் குடும்பத்திலிருந்து விலகுகிறாள். விலகிய நொடியில் அறுபது கேமும் அவள் லைப்ரரியிலிருந்து போய்விடும். கம்ப்யூட்டரில் கேம் இன்ஸ்டால் ஆகி அப்படியே கிடக்கும், சேவ் ஃபைல் கிடக்கும், ஆனால் பிளே பட்டன் இருந்த இடத்தில் விலைதான் இருக்கும். புதிதாக இன்னொரு குடும்பத்தில் சேரவோ தானே ஒன்றைத் தொடங்கவோ, பழைய குடும்பத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். அவள் விட்டுப்போன இடத்தில் வேறொருவரைச் சேர்க்கவும் ஒரு வருடக் காத்திருப்பு உண்டு. யாரோ முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து மாதாமாதம் குடும்பம் மாற்றிக்கொள்ளாமல் இருக்க வைத்த தடை இது. நியாயமான தடைதான். ஆனால் அந்தத் தடையை யோசித்தவர்கள், உண்மையான குடும்பமும் பிரியும் என்பதை யோசித்த மாதிரித் தெரியவில்லை. பெற்றோர் விவாகரத்தானால் என்ன ஆகும்? கணக்கு வைத்திருந்தவர் இறந்துபோனால்? இரண்டுக்கும் ஒப்பந்தத்தில் உள்ள ஒரே பதில், கணக்கை மாற்ற முடியாது என்பதுதான்.

வெளிப்படையாகத் தெரியாத ஒரு விஷயம் இதற்குள் இருக்கிறது. எனக்குத் தெரிந்த பெற்றோர் பலர் இதைக் கவனித்ததே இல்லை. பிள்ளைக்கு ஒரு கேம் வாங்கித்தர இரண்டு வழி உண்டு. ஒன்று, அப்பா தன் கணக்கில் வாங்கி, பகிர்வு மூலம் பிள்ளை ஆடுவது. இன்னொன்று, பிள்ளை தன் கணக்கில் கேமைக் கார்ட்டில் போட்டுப் பெற்றோருக்குக் கோரிக்கை அனுப்புவது. பெற்றோர் ஒப்புக்கொண்டு பணம் கட்டினால் கேம் பிள்ளையின் கணக்கில் நிரந்தரமாகச் சேரும். பணம் ஒன்றே, கார்டு ஒன்றே, கேமும் ஒன்றே. பகிர்வு இருப்பதால் இரண்டு வழியிலும் வீட்டில் எல்லோரும் ஆடலாம். அன்றைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஏழெட்டு வருடம் கழித்து மகன் வீட்டை விட்டுப் போகும் நாளில்தான், முதல் வழியில் வாங்கியவை எல்லாம் அப்பாவோடு தங்கிவிடும், இரண்டாவது வழியில் வாங்கியவை அவனோடு போகும். பிறந்தநாளுக்கு வாங்கித்தந்தது என்று வீட்டில் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்கள். கணக்கில் அதற்கு மதிப்பில்லை.

அதனால் பிள்ளை மட்டுமே ஆடப்போகிற கேமைப் பிள்ளையின் கணக்கிலேயே வாங்குங்கள். கடை இதை ஒருபோதும் உங்களுக்கு எடுத்துச் சொல்லாது.

இன்னொரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் பிரதியில் ஆடும்போது பையன் ஏதாவது ஏமாற்று மென்பொருளைப் போட்டுத் தடை வாங்கினால், அந்தக் கேமில் அப்பாவுக்கும் தடை விழும். உரிமம் யாருடையதோ, தண்டனையும் அவருக்கு. ஆக, உரிமம் யாருக்குச் சொந்தம் என்பதில் நிறுவனத்துக்குக் குழப்பம் எதுவும் இல்லை.

சந்தா முறையில் இந்தக் கேள்வியே வராது என்று சிலர் சொல்வார்கள். எதுவும் யாருக்கும் சொந்தமில்லை, மாதாமாதம் கட்டினால் ஆடலாம், அவ்வளவுதான் என்று. பாதி உண்மை. பிளேஸ்டேஷன் பிளஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மாதாந்தரக் கேம்களை லைப்ரரியில் சேர்த்து வைத்துக்கொண்டால், சந்தாவை நிறுத்தியதும் அவை பூட்டப்படும், ஒரு வருடம் கழித்து மறுபடி கட்டினால் திறக்கும். கேட்டலாக் என்ற பொதுப் பட்டியலில் இருக்கும் கேம் அப்படி இல்லை. அது பட்டியலை விட்டுப் போகும் நாளில் உங்களிடமிருந்தும் போய்விடும், நீங்கள் ஒழுங்காகப் பணம் கட்டிக்கொண்டே இருந்தாலும். ஒரே சந்தா, ஒரே திரை, இரண்டு வகைப் பூட்டு.

இதில் அதிகம் ஏமாறுவது டிஎல்சி வாங்கியவர்கள். மூல கேம் சந்தாவில் இலவசமாகக் கிடைக்கிறது, அதற்கான கூடுதல் பகுதியைக் காசு கொடுத்து வாங்குகிறோம். மூல கேம் பட்டியலிலிருந்து போனதும் கூடுதல் பகுதி நம் கணக்கில் இருக்கும், ஓடத்தான் ஓடாது. ஓட வேண்டுமென்றால் மூல கேமை விலைக்கு வாங்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் சந்தாவில் ஒரு கேம் போகப் போகிறது என்றால் பொதுவாக இரண்டு வாரம் முன்னால் 'விரைவில் வெளியேறுபவை' பட்டியலில் வரும், உறுப்பினர் தள்ளுபடியும் இருக்கும். டிஎல்சி வாங்கியவர் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

நிறுவனம் மனது வைத்தால் இதைச் சரிசெய்ய முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ஃபோர்ஸா ஹொரைசன் 4, உள்ளே இருந்த பொருட்களின் உரிம ஒப்பந்தங்கள் முடிவதால் 2024 டிசம்பர் 15 அன்று கடையிலிருந்தும் கேம் பாஸிலிருந்தும் எடுக்கப்பட்டது. டிஎல்சியைக் காசு கொடுத்து வாங்கியிருந்த கேம் பாஸ் உறுப்பினர்களுக்கு மூல கேமுக்கான டோக்கன் அனுப்பப்படும் என்று அறிவித்தார்கள். தகுதி வரையறைகள் இருந்தன, இருந்தாலும் செய்தார்கள். தொழில்நுட்ப ரீதியாக முடியாது என்ற பேச்சுக்கு அங்கேயே இடம் போய்விட்டது.

சொந்தப் பிரதியே கைவிட்ட கதையும் உண்டு. யூபிஸாஃப்டின் தி க்ரூ 2014-ல் வந்தது, 2024 மார்ச் 31 அன்று அதன் சர்வர்களை நிறுத்தினார்கள், அப்புறம் வாங்கியவர்களின் லைப்ரரியிலிருந்து உரிமமே நீக்கப்பட்டது. அதிலிருந்து பிறந்ததுதான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம்; ஐரோப்பாவில் பத்து லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. அந்த இயக்கத்தை ஆதரிக்கிறேன். ஆனால் அது கேட்பது கேம் செத்துப் போகாமல் இருக்க. கேம் நன்றாக உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே வீட்டில் ஒருவர் மட்டும் வெளியே நிற்கும் நிலை பற்றி அங்கும் பேச்சில்லை.

நிண்டெண்டோ 2025-ல் கொண்டுவந்த மெய்நிகர் கேம் கார்டு இதைவிட நேர்மையாக எனக்குத் தோன்றுகிறது. டிஜிட்டலாக வாங்கிய கேமைக் குடும்பக் குழுவில் ஒருவருக்கு 14 நாள் இரவல் தரலாம். தந்திருக்கும் வரை உங்களால் ஆட முடியாது, கெடு முடிந்ததும் தானாகத் திரும்பி வரும், இரவல் வாங்கியவரின் சேவ் அவரிடமே இருக்கும். வசதி குறைவுதான். ஆனால் கடன் என்பது கடனாகவே தெரிகிறது. ஸ்டீமில் அறுபது கேமும் தன்னுடையது போலவே மகளின் திரையில் வரிசையாக நிற்கும். அதனால்தான் போகும்போது பெரிதாக வலிக்கிறது. நிரந்தரமாகக் கொடுத்துவிட நிண்டெண்டோவிலும் வழியில்லை.

நான் கேட்பது அந்த நிரந்தர மாற்றத்தைத்தான். ஒரு குடும்பத்தில் குறைந்தது இரண்டு வருடம் சேர்ந்து இருந்தவர்களுக்குள், ஒரு பிரதியை ஒரே ஒரு முறை மாற்றிக் கொடுக்க அனுமதி. கொடுத்தவர் லைப்ரரியிலிருந்து அது போய்விட வேண்டும். எண்ணிக்கை கூடாது, யாரும் இரண்டாவது பிரதியைத் திருடவில்லை. கள்ளச் சந்தை வரும், 'குடும்பம்' என்ற பெயரில் கேம்களை விற்பார்கள் என்பார்கள். வரலாம். ஆனால் இரண்டு வருடம் காத்திருந்து, ஆறு இடத்தில் ஒன்றை அடைத்துக்கொண்டு, தள்ளுபடி விற்பனையில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிற பழைய கேமை விற்கிறவருக்கு அதில் என்ன லாபம் இருக்கப்போகிறது? விற்பனை குறையும் என்ற வாதத்தை மட்டும் என்னால் முழுதாகத் தள்ள முடியாது. இருநூறு மணி நேர சேவ் ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நிற்கும் மகள், மறுபடி காசு கொடுத்து வாங்கத்தான் செய்வாள். அந்த இரண்டாவது விற்பனை நின்றுபோகும். என் பார்வையில் அது முதலிலேயே வாங்கியிருக்கக் கூடாத காசு.