மெஷின் வாங்கும்முன் ஒரு ஜாக்கெட் கணக்கு

ஆட்டோமேட்டிக் மெஷினை விற்கும் கடைக்காரர் அதில் எத்தனை டிசைன் தையல் விழும் என்றுதான் முதலில் காட்டுவார். பூ, இலை, அலை எல்லாம் வரும். ஜாக்கெட் தைத்துக் காசு பார்க்கப் போகிறவருக்கு அதில் நேர்த்தையலும் ஜிக்ஜாக்கும்தான் உதவும்.

எங்கள் தெருவில் ஒரு தங்கச்சி மிதி மெஷினில் மாதம் 12 லைனிங் ஜாக்கெட் தைக்கிறாள். இங்கே கூலி 250. நூல், ஹூக் செலவு போக 230 நிற்கும். ஆக மாதம் 2,760 ரூபாய். மோட்டார் மாட்டலாமா, இதை விற்றுவிட்டு ஆட்டோமேட்டிக் எடுக்கலாமா என்று கேட்டாள்.

ஒரு ஜாக்கெட்டுக்கு அவளுக்கு மூன்று மணி நேரம் பிடிக்கிறது. அளந்து வெட்டுவது, திருப்பி அயர்ன் போடுவது, ஹெம்மிங், ஹூக் என்று பெரும்பகுதி கையோடு போகிறது. ஊசி ஓடுவது முக்கால் மணி நேரம்கூட இருக்காது. மோட்டார் மாட்டினால் அதில் இருபது நிமிடம் மிச்சமாகும். மாதத்துக்கு நாலு மணி நேரம், அதாவது கூடுதலாக ஒரு ஜாக்கெட். மோட்டாருக்கும் மாட்டுக்கூலிக்கும் 1,800 என்றால் எட்டு மாதத்தில் திரும்பிவிடும். அதுவும் அந்தப் பதிமூன்றாவது ஜாக்கெட்டைக் கொண்டுவர ஆள் இருந்தால்தான். முட்டிவலி குறைவது தனி லாபம். கரண்ட் போனால் மோட்டார் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மிதித்துக்கொள்ளலாம்.

ஆட்டோமேட்டிக்குக்கு 18,000 சொல்கிறார்கள். ஜாக்கெட் எண்ணிக்கையில் அது மோட்டாரைவிடப் பெரிதாக எதையும் கூட்டாது. தனியாக வருமானம் தருவது சேலைக்கு ஜிக்ஜாக் ஓரம் அடிப்பதுதான். சேலைக்கு 40 வீதம் மாதம் பத்துச் சேலை வந்தாலும் 400. பழைய மெஷினை 4,000-க்கு விற்றாலும் மீதி 14,000-ஐ அந்த 400-ஐ மட்டும் வைத்து எடுக்க மூன்று வருஷம் ஆகும். பக்கத்தில் சேலைக்கடை இருந்து வாரம் பத்துச் சேலை வருமென்றால் நானே வாங்கச் சொல்லியிருப்பேன்.

எடை குறைந்த மாடல்களுக்கு இன்னொரு குறையும் உண்டு. இடுப்புப் பட்டி சேரும் இடத்தில் துணி, லைனிங், கேன்வாஸ் எல்லாம் ஒன்றாக மடிந்து தடித்து நிற்கும். அங்கே ஊசி திணறும், தையல் விட்டுவிட்டு விழும். கடைக்குப் போகும்போது அதே மாதிரி ஒரு துண்டை மடித்து எடுத்துப்போய் அதில் ஓட்டிப் பாருங்கள். கடைக்காரர் நீட்டும் மெல்லிய காட்டன் துண்டில் எல்லா மெஷினும் அழகாகத்தான் தைக்கும்.

தவணையில் எடுக்கிறவர்கள் ஆடியையும் மார்கழியையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண ஜாக்கெட் வராத அந்த மாதங்களிலும் தவணை வரும். அவளிடம் மோட்டார் போதும் என்றேன், அதையும் தீபாவளி ஆர்டர் குவிவதற்கு முன்னால் மாட்டிவிடச் சொன்னேன்.