அது இன்சூரன்ஸ் இல்லை, அத்தான்

லண்டனில் அக்கா வீட்டுக்குப் போனால் சனிக்கிழமை இரவு அத்தான் டேப்லெட்டோடு சோபாவில் உட்கார்ந்திருப்பார். லைவ் பிளாக்ஜாக், அதாவது 21-ஐத் தாண்டாமல் டீலரை முந்த வேண்டிய சீட்டாட்டம், இணையத்தில் நேரலையாக. பிரிட்டனில் உரிமம் பெற்ற தளங்களில் இது சட்டப்படி சரி. இந்தியாவில் 2025-இல் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டமே வந்துவிட்டது. ஆடலாமா கூடாதா என்று பேச நான் இதை எழுதவில்லை. அந்த மேசையில் ஒரு பொத்தான் இருக்கிறது, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போன மாதம் ஒரே இரவில் அத்தான் அதை ஏழெட்டு முறை அழுத்தினார், ஒவ்வொரு முறையும் 'இது பாதுகாப்புக்கு' என்று சொல்லிக்கொண்டே. எனக்கு மனசே கேட்கவில்லை.

டீலரின் திறந்த சீட்டு ஏஸ் ஆக இருந்தால் திரையில் கேள்வி வரும்: இன்சூரன்ஸ் வேண்டுமா? நீங்கள் 10 பவுண்டு கட்டியிருந்தால் இன்னொரு 5 பவுண்டு கட்டலாம். டீலரின் மூடிய சீட்டு பத்து மதிப்புள்ளதாக, அதாவது பத்து, ஜாக்கி, ராணி, ராஜா இவற்றில் ஒன்றாக இருந்தால் ஏஸோடு சேர்ந்து அவருக்கு இரண்டே சீட்டில் 21, அதுதான் பிளாக்ஜாக்; அப்போது அந்த 5-க்கு 10 கிடைக்கும். பழைய பந்தயத்தில் 10 போகும், இதில் 10 வரும், கணக்கு நேர். கேட்க நல்ல ஏற்பாடு மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் இங்கே காக்கப்படுவது எது? உங்கள் கையில் 20 இருக்கிறதா 14 இருக்கிறதா என்பதை அந்த 5 பவுண்டு பார்ப்பதே இல்லை. மூடிய சீட்டு பத்தா இல்லையா என்று கட்டும் தனிப் பந்தயம் அது. பெயர்தான் இன்சூரன்ஸ்.

அன்றைக்கு அக்காவின் மளிகைப் பட்டியலுக்குப் பின்னால் எழுதிக் காட்டினேன். இந்த லைவ் மேசைகளில் பெரும்பாலும் எட்டுக் கட்டுகள், 416 சீட்டு. டீலரின் ஏஸ் கண்ணுக்குத் தெரிகிறது, மீதி 415. அதில் பத்து மதிப்புள்ளவை 128. இதே நிலைமை 415 முறை வந்து, 415 முறையும் 5 பவுண்டு இன்சூரன்ஸ் கட்டினால் சராசரியாக 128 முறை 10 பவுண்டு வரும், மொத்தம் 1,280. மற்ற 287 முறை 5 பவுண்டு போகும், மொத்தம் 1,435. பற்றாக்குறை 155 பவுண்டு. ஒவ்வொரு முறை 'ஆம்' சொல்லும்போதும் 37 பென்ஸ் போகிறது, கட்டிய 5 பவுண்டில் ஏழரை சதவீதம். எந்தக் கைக்கு என்ன செய்வது என்று கணக்குப் போட்டு வைத்த அடிப்படை உத்தியைப் பிசகாமல் ஆடினால் பிளாக்ஜாக்கின் முக்கியப் பந்தயத்தில் நஷ்டம் சுமார் அரை சதவீதம்தான், 10 பவுண்டுக்கு 5 பென்ஸ். விதிகள் மேசைக்கு மேசை மாறும், அதற்கேற்ப இது கொஞ்சம் கூடும் குறையும்.

அத்தான் உடனே, 'நான் எல்லாக் கைக்கும் கட்டுவதில்லை மாப்ளே, நல்ல கைக்கு மட்டும்தான்' என்றார். அது இன்னும் மோசம். கையில் ராஜாவும் ராணியும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 20. காப்பாற்ற ஆசை வரத்தான் செய்யும். ஆனால் நீங்கள் ஜெயிக்க வேண்டிய பத்துகளில் இரண்டு உங்கள் கையிலேயே உட்கார்ந்திருக்கின்றன. வெளியே 413 சீட்டில் 126 தான் பாக்கி. நஷ்டம் எட்டரை சதவீதத்துக்கு ஏறிவிடும்.

இதிலேயே ரொம்பப் பேர் விழும் இடம் ஈவன் மணி. உங்களுக்கே பிளாக்ஜாக் வந்திருக்கிறது, டீலரிடம் ஏஸ். 'இப்போதே 10 பவுண்டு லாபம் வாங்கிக்கொள்கிறீர்களா?' என்று கேட்கும். நிச்சயமான காசை யார் விடுவார்கள்? அதையும் எண்ணிப் பார்ப்போம். 413 முறை வாங்கினால் 4,130 பவுண்டு. வாங்காமல் விட்டால் 127 முறை டீலருக்கும் பிளாக்ஜாக், ஒன்றும் வராது. மீதி 286 முறை ஒன்றரை மடங்கு, 15 பவுண்டு வீதம் 4,290. 160 பவுண்டு வித்தியாசம். நிச்சயம் என்ற வார்த்தைக்கு ஒவ்வொரு தடவையும் 39 பென்ஸ் கொடுக்கிறோம்.

இன்சூரன்ஸாவது ஏஸ் வந்தால்தான், பதின்மூன்று கைக்கு ஒரு தடவை. இருக்கைக்குப் பக்கத்தில் பக்கப் பந்தயம் வைக்க இருக்கும் சின்ன வட்டங்கள் ஒவ்வொரு கைக்கும் காத்திருக்கின்றன. அத்தானுக்குப் பிடித்தது பர்ஃபெக்ட் பேர்ஸ். முதல் இரண்டு சீட்டும் ஜோடியாக வந்தால் காசு: இரண்டுமே ஹார்ட் ராணி என்பது போல அச்சு அசலாக ஒன்றென்றால் 25 மடங்கு, நிறம் மட்டும் ஒத்தால் 12, அதுவும் இல்லாத வெறும் ஜோடிக்கு 6. முதல் சீட்டு வந்த பிறகு மிச்சம் 415-இல் அச்சு ஜோடி தருபவை 7, நிற ஜோடி 8, வெறும் ஜோடி 16. ஒவ்வொரு முறையும் 2 பவுண்டு வைத்தால் 415 கையில் 734 பவுண்டு வரும், 768 போகும். கைக்கு 8 பென்ஸ். பக்கத்தில் வைத்த இந்த 2 பவுண்டு, நடுவில் வைத்த 10 பவுண்டைவிட அதிகம் தின்கிறது. கட்டு குறைந்தால் ஆட்டக்காரருக்கு நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். முக்கியப் பந்தயத்துக்கு அது சரி, இதற்கு நேர் எதிர். ஆறு கட்டில் இதே பரிசுக்கு நஷ்டம் நாலு சதவீதத்திலிருந்து ஆறாகிவிடும். ஒரே மாதிரிச் சீட்டுகள் குறைந்துபோகின்றன அல்லவா.

ஆனாலும் கை தானாகப் போய் வைக்கிறது. சராசரியாகப் பதின்மூன்று கைக்கு ஒரு தடவை ஏதோ ஒரு ஜோடி வந்துவிடும், வட்டம் மின்னும், டீலர் பெயர் சொல்லி வாழ்த்துவார். நடுவில் போன பன்னிரண்டு தடவைக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. உங்கள் இரண்டு சீட்டையும் டீலரின் திறந்த சீட்டையும் சேர்த்துப் பார்க்கும் 21+3 என்ற இன்னொரு வட்டமும் இதே கதைதான். 100, 40, 30, 10, 5 மடங்கு என்று பரிசு தரும் மேசையில் நஷ்டம் 3.7 சதவீதம்.

நூறு கைக்குக் கூட்டினேன். 10 பவுண்டு ஆட்டம் மட்டும் என்றால் எதிர்பார்க்கும் நஷ்டம் 5 பவுண்டு. ஏஸ் வரும்போதெல்லாம் இன்சூரன்ஸ், சுமார் 3. இரண்டு வட்டத்திலும் 2 பவுண்டு வீதம் வைத்தால் 8-உம் 7-உம். 5 பவுண்டாக இருந்தது 23 ஆகிவிட்டது. அதே மேசை, அதே ஆட்டம்.

போன சீட்டுகளைக் கணக்கு வைத்து மீதியைக் கணிக்கும் சீட்டு எண்ணுகிறவர்கள் இன்சூரன்ஸ் எடுப்பார்களே என்று யாராவது கேட்பீர்கள். எடுப்பார்கள். மீதிச் சீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பத்துகள் இருக்கும்போது மட்டும். மென்பொருளே சீட்டுப் போடும் மேசைகளில் ஒவ்வொரு கைக்கும் புதிதாகக் கலைத்துவிடுகிறார்கள், அங்கே எண்ண ஒன்றுமே இல்லை. லைவ் மேசைகளிலும் பல இடங்களில் பாதிக் கட்டு போனதும் மாற்றிவிடுவதால் அந்த நேரம் அபூர்வமாகத்தான் வரும், அதுவும் தொடர்ந்து எண்ணுகிறவருக்கு மட்டும் தெரியும். 'இப்போ பத்து வரும்னு தோணுது' என்பது எண்ணுவது ஆகாது.

போன சனிக்கிழமை மறுபடி போயிருந்தேன். வட்டங்கள் இரண்டும் காலி. ஏஸ் வந்தது, கையில் 20. அத்தான் என்னைப் பார்த்துவிட்டு 'வேண்டாம்' அழுத்தினார். டீலர் திருப்பினால் ராஜா. பத்து பவுண்டும் போனது. 'பாத்தியா மாப்ளே?' என்றார். பத்துக்கு மூன்று முறை இப்படித்தான் வரும் அத்தான் என்றேன். பட்டியல் இன்னும் டீப்பாய் மேல்தான் இருந்தது. எடுத்து மறுபடி ஒரு தடவை படித்தார்.